பேரு பெத்த பேரு

எங்கள் ஊர் பேர் பாகலூர். ஓசூரிலிருந்து வடக்கே பஸ் ஏறினால், தமிழ்நாடு முடிந்துபோவதற்குக் கொஞ்சம் முன்னால் வரும். இப்போது ஒரு கேள்வி. 'பாகலூர்' என்பதை மனசுக்குள் எப்படிப் படித்தீர்கள்? 'பாட்டி'யின் பா போட்டா, 'பாபு'வின் பா போட்டா?

பாட்டியின் பா போட்டிருந்தால் தப்பு. பாகற்காய் விளையும் ஊர் மாதிரி ஆகிவிடும். சிப்காட்டில் வேலை பார்க்கும் பீகார் தம்பியிடம் அப்படிச் சொன்னால், 'பாகல்' என்றால் அவன் ஊரில் பைத்தியம் என்பதால், இவ்வளவு நாள் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று ஒரு மாதிரி பார்ப்பான். சரியானது பாபுவின் பா. அதே சத்தம் கன்னடக்காரர் காதில் 'பாகிலு', அதாவது கதவு என்பதை ஞாபகப்படுத்தும். ஒரே எழுத்து. ஒரு பக்கம் காய்கறி, ஒரு பக்கம் கீழ்ப்பாக்கம், ஒரு பக்கம் வாசற்கதவு.

இந்த விஷயம் எனக்குப் பல வருஷமாகத் தெரியும். ஆனால் இதில் காசு போகும் என்பது போன மாசம்தான் தெரிந்தது.

பக்கத்துத் தெரு நண்பர். ஓசூர் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டி, வி.ஆர்.எஸ். வாங்கி வந்தவர். அவர் வீட்டம்மா அரைக்கும் சாம்பார் பொடிக்குத் தெருவே அடிமை. "மாப்ள, பாக்கெட் போட்டு விக்கப் போறேன். ஓசூரு, மாலூரு, குப்பம், பெங்களூர்ல கேரளாக்காரங்க கடை. ஒரே பேரு, அஞ்சு பாஷை. நீ பி.காம். ஆச்சே, ஒரு தடவ பாத்துச் சொல்லு" என்று ஒரு தாளை நீட்டினார்.

தாளில் பெரிய எழுத்தில் 'பந்தி'.

எனக்குப் பிடித்துவிட்டது. கல்யாண வீடு, வாழை இலை, கரண்டிச் சத்தம் எல்லாம் ரெண்டு எழுத்து மூணு எழுத்தில் வந்துவிட்டது. "பிரமாதம், அடிச்சுடுங்க" என்றேன்.

"அடிக்க ஆரம்பிச்சாச்சு" என்றார். இந்த மாதிரிப் பிளாஸ்டிக் கவர் அச்சடிக்க கலருக்கு ஒரு இரும்பு சிலிண்டர் செதுக்குவார்கள். ஆறு கலர் என்றால் ஆறு சிலிண்டர். செதுக்கியதை ரப்பர் வைத்து அழிக்க முடியாது; பேர் மாறினால், பேர் வருகிற சிலிண்டரெல்லாம் புதுசாகச் செதுக்க வேண்டும். அதற்கு அட்வான்ஸ் கொடுக்க வீட்டம்மாவின் ரெண்டு வளையல் அடகுக் கடைக்குப் போயிருந்தது. மறுநாள் காலை செதுக்க ஓகே சொல்ல வேண்டும்.

சந்தோஷத்தில் டீக்கடைக்குப் போனோம். அங்கேதான் வினை.

கடை வாசலில் தினமும் உட்காரும் தெலுங்குப் பாட்டி. நண்பர் பெருமையாக, "அவ்வா, நம்ம சாம்பார் பொடிக்குப் பேரு பந்தி" என்றார். பாட்டிக்குப் புரையேறியது.

"சாம்பார்லோ பந்தி எவரு வேஸ்தாரு நாயனா?"

சாம்பாரில் யாராவது பந்தி போடுவார்களா என்கிறார். தெலுங்கில் பந்தி என்றால் பன்றி. சத்தம் அச்சு அசல் அதேதான். ஒரு மாத்திரைகூட வித்தியாசம் இல்லை. எங்கள் பக்கம் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். குப்பத்தில் முழுப் பேரும்.

டீ குடித்துக்கொண்டிருந்த கர்நாடக பஸ் கண்டக்டர் ஆறுதல் சொல்வது போல் வந்தார். "நம்ம கடெ ஹந்தி அந்தாரெ, குரு!" தமிழில் வார்த்தை ஆரம்பத்தில் வரும் 'ப' கன்னடத்தில் பல இடங்களில் 'ஹ' ஆகிவிடும். பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. பந்தியைப் பார்த்ததும் அவர் மனசு தானாக 'ஹந்தி'க்குப் போய்விட்டது. அதுவும் பன்றிதான்.

டீக்கடை சேட்டன் மட்டும், "ஞங்ஙள்க்கு பந்தி பந்தி தன்னே சாரே, சதிய!" என்றார். மலையாளத்தில் நம் பந்தியேதான். ஐந்தில் ரெண்டு பாஸ்.

இந்தி பாக்கி. தாளில் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார் நண்பர். நாம் 'த'வுக்கு டி, ஹெச் போடுவோம். லலிதா, கவிதா எல்லாருக்கும் ஹெச் உண்டு. வடக்கே ஹெச் போட்டால் மூச்சு விட்டுச் சொல்லும் வேறொரு எழுத்து. பீகார் தம்பி அதைப் படித்துவிட்டு, "ஏதாவது சாமியார் கூட்டமா, பையா?" என்றான். 'கபீர்பந்தி' என்றால் கபீர் வழியில் போகிறவர். அந்த பந்தி. நண்பர் "இல்லப்பா, பந்தி" என்று வாயால் சொன்னார். அவன் பாபுவின் ப-வாகக் கேட்டுவிட்டு, "ஓ, நோட்பந்தி!" என்றான். 2016-ல் ஏ.டி.எம். வாசலில் நின்ற ஞாபகம் எல்லோருக்கும் வந்தது. டீ ஆறிப்போனது.

வளையல் ரெண்டும் என் கண் முன்னால் சுற்றின.

ராத்திரி உட்கார்ந்து யோசித்தோம். தப்பு எங்கே? பள்ளிக்கூடத்தில் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தார்களே, அங்கே இருக்கிறது விஷயம். க, ச, ட, த, ப ஆகிய வல்லினங்களுக்குத் தமிழில் எழுத்து ஒன்று, சத்தம் பல. பட்டம் ஒரு ப, கம்பம் வேறு ப. எதைச் சொல்ல வேண்டும் என்று அக்கம்பக்கத்து எழுத்தைப் பார்த்து நமக்குத் தானாகத் தெரியும். கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி நாலிலும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தனி எழுத்து. நாம் ஒரு எழுத்தை அனுப்பினால், அங்கே நாலு எழுத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வார்த்தையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது சில சமயம் நாலு காலில் நடக்கிறது.

மறுநாள் செதுக்குகிற இடத்துக்கு போன் போட்டு, "ரெண்டு நாள் பொறுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பேர். வீட்டம்மா சொன்னார்: "அண்ணா, 'மணம்'னு வெச்சா என்ன?"

இந்த முறை நான் உஷார். ஒரு பரீட்சை வைத்தேன். நீங்களும் வைத்துப் பார்க்கலாம், செலவு ஐந்து டீ. ஒரு அட்டையில் பேரை ஆங்கிலத்தில் எழுதி, அதை முன்பின் கேட்டிராத ஒருவரிடம் கொடுக்க வேண்டும். அவர் போனில் இன்னொருவருக்குப் படித்துக் காட்ட, அந்த ஆள் தன் பாஷையில் எழுத வேண்டும். அந்த எழுத்தை மூன்றாவது ஆள் படிக்க, நாம் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும். போன பேர் அப்படியே திரும்பி வந்தால் பாஸ்.

ஆங்கிலம் எதற்கு என்பீர்கள். சாப்பாட்டுப் பாக்கெட்டில் சட்டப்படி போட வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாக வேண்டும். மற்ற பாஷைகளைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். அதனால் எங்கே போனாலும் கூட வருகிற பொது எழுத்து ஆங்கிலம்தான்.

'மணம்' போனது. திரும்பி வந்தது 'மனம்'. மூணு சுழி வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது. ஆங்கிலத்தில் ரெண்டு சுழி, மூணு சுழி எல்லாம் ஒரே 'என்'. கன்னட நண்பர் 'மன', அதாவது உள்ளம் என்று புரிந்துகொண்டார். பாட்டியோ, "மனம் அண்டே நாம எல்லாரும்" என்று இரண்டு பாஷையில் அர்த்தம் சொன்னார். தெலுங்கில் மனம் என்றால் 'நாம்'. நல்ல வார்த்தைதான், கெட்ட பேர் இல்லை. ஆனால் சாம்பார் வாசனை எங்குமே போய்ச் சேரவில்லை.

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை சட்டம். 1999-ஆம் வருஷ டிரேட்மார்க் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, சரக்கின் வகையையோ தரத்தையோ மட்டும் சொல்கிற வார்த்தையைச் சாதாரணமாகப் பதிவு செய்யக் கொடுக்க மாட்டார்கள். மசாலாவுக்கு 'மணம்' என்பது சர்க்கரைக்கு 'இனிப்பு' என்பது மாதிரி. தமிழில் எழுதித் தப்பிக்கவும் முடியாது. மனுவிலேயே அதன் உச்சரிப்பும் அர்த்தமும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தரச் சொல்வார்கள். ஆகவே அர்த்தம் ரொம்பத் தெளிவாக இருந்தால் சட்டம் தடுக்கும். அர்த்தமே இல்லாவிட்டால் ஜனம் மறக்கும். நடுவில் ஒரு ஒற்றையடிப்பாதை.

அந்தப் பாதையில் நடந்து காட்டியவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஓசூரில் 1984-ல் தொடங்கிய டைட்டன் கம்பெனிதான். அதன் முதல் நிர்வாக இயக்குனர் ஸெர்க்ஸஸ் தேசாய். வாட்சுக்குப் பிறகு நகை விற்கக் கிளம்பி, ஓசூரில் நகைத் தொழிற்சாலை வைத்து, முதல் கடையை 1996-ல் சென்னையில் திறந்தார்கள். பேர் தனிஷ்க். டாட்டாவின் 'த', கூடவே 'நிஷ்க'. சமஸ்கிருதத்தில் நிஷ்க என்றால் பொற்காசு, கழுத்தில் போடும் பொன் ஆபரணம். வார்த்தை புதுசு, யாரும் பதிவு செய்திருக்க முடியாது. ஆனால் உள்ளே தங்கம் ஒளிந்திருக்கிறது. தமிழ்க் காதுக்கு இலவசமாக ஒரு 'தனி'யும் கேட்கிறது. நகைக்குத் 'தனி' என்பதைவிட நல்ல அர்த்தம் வேண்டுமா?

இந்தப் பேரும் எல்லை தாண்டும்போது கொஞ்சம் சில்லறையைத் தொலைக்கத்தான் செய்கிறது. ஆங்கிலத்தில் பார்த்தால் கடைசி எழுத்து 'க்யூ'. அந்த வால்தான் பேருக்கே அழகு. தமிழ், கன்னட போர்டுகளில் க்யூ காணாமல் போய் வெறும் 'க்' நிற்கிறது. இன்னொன்று, இந்தியில் கடைசி எழுத்தை வெறும் 'க' என்று எழுதினாலும் 'க்' என்றுதான் படிப்பார்கள். அதைப் பார்த்து அப்படியே கன்னடத்திலோ தெலுங்கிலோ எழுத்துக்கு எழுத்து எழுதினால் 'தனிஷ்கா' மாதிரி ஒலித்து, நகைக்கடை ஒரு பெண் குழந்தை பேராகிவிடும். நம் புள்ளி மாதிரி அவர்களுக்கும் ஓர் அடையாளம் உண்டு. அதைக் கடைசியில் போட்டால்தான் சரி. பெயிண்டர் அந்த ஒரு சுழியை மறந்தால் பேர் மாறிப்போகும்.

போர்டு விஷயத்தை லேசாக நினைக்காதீர்கள். நம் பக்கம் கடைப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. எல்லைக்கு அந்தப் பக்கம் 2024-ல் வந்த சட்டத்திருத்தப்படி பலகையில் 60 சதவீதம் கன்னடம். ஆகவே ஆங்கிலத்தில் எவ்வளவு அழகாக வைத்தாலும், ஜனம் பெரிசாகப் பார்ப்பது உள்ளூர் எழுத்தைத்தான்.

"தனிஷ்க்கும் வல்லினத்துல தானே ஆரம்பிக்குது?" என்று கேட்டார் நண்பர். ஆரம்பிக்கிறது. ஆனால் டாட்டா விளம்பரம் போட்டுப் போட்டு எல்லோர் வாயையும் பழக்கிவிட முடியும். நம் விளம்பர பட்ஜெட் ஐந்து டீ. ஆகவே நாம் வல்லினத்தை வீட்டில் கழட்டி வைத்துவிட்டுத்தான் எல்லை தாண்ட வேண்டும். ழ வேண்டாம், சுழி குழப்பம் வேண்டாம். ம, ல, ர, வ, ய மாதிரி எங்கும் ஒரே சத்தம் உள்ள எழுத்துகள் போதும். கடைசியில் உயிர்ச் சத்தம் இருக்கட்டும். 'க்', 'ட்' என்று முடித்தால் நம் ஆட்கள் ஒரு 'உ' சேர்த்து 'தனிஷ்க்கு' ஆக்கிவிடுவார்கள்.

இந்தச் சல்லடையில் விழுந்த முதல் வார்த்தை 'மல்லி'. பொடியில் பாதிக்கு மேல் அதுதான். தமிழிலும் மலையாளத்திலும் கொத்துமல்லி. தெலுங்கில் மல்லிகைப் பூ. கன்னடத்தில் 'மல்லிகெ'க்குச் சொந்தம். எங்கும் கெட்ட அர்த்தம் இல்லை. ஆனால் மசாலாவுக்கு மல்லி என்றால் மறுபடி 9-வது பிரிவு. வால் ஒட்ட வேண்டும். 'மல்லியா' என்றார் நண்பர். லோன் கேட்டுப் போனால் பேங்க் மேனேஜருக்குப் பழைய ஞாபகங்கள் வரும் என்று தடுத்தேன். 'மல்லினி' என்றேன் நான். 'மலின்' என்றால் இந்தியில் அழுக்கு என்று பீகார் தம்பி தடுத்தான்.

வீட்டம்மா மெதுவாக, "மல்லிரா?" என்றார்.

ம, ல, ர. ஒரு வல்லினம் இல்லை. அட்டைப் பரீட்சை வைத்தோம். போனது மல்லிரா, வந்தது மல்லிரா. சேட்டனுக்கு மல்லி புரிந்தது. கண்டக்டர், "பூ ஹெசரு மாதிரி இருக்கு, ரசத்துல மல்லிகையா?" என்றார். அதற்கு மருந்து படம்: கவரில் கொத்துமல்லி இலையைப் பெரிசாகப் போட்டால் பூ போய்விடும். பீகார் தம்பிக்கு எந்த அர்த்தமும் இல்லை, ஆனால் ஒரு எச்சரிக்கை கொடுத்தான். ஆங்கிலத்தில் 'எல்' ரெண்டு கட்டாயம் வேண்டும். ஒன்றைச் சுருக்கினால் 'மல்'; அது அழுக்கைவிட மோசம், கழிவு.

கடைசியாகப் பாட்டி. சொன்னதும் சிரித்தார். எங்களுக்கு வயிறு கலங்கியது.

தெலுங்கில் 'மள்ளீ' என்றால் மறுபடி. 'ரா' என்றால் வா. மல்லிரா காதில் விழும்போது 'மறுபடி வா' என்று கேட்கிறதாம். வியாபாரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்! துள்ளினேன். உடனே நண்பர் முகம் சுருங்கியது. "மாப்ள, 'ரா'ன்னா வாடா மாதிரி. கஸ்டமரை வாடா போடான்னா கூப்பிடுறது?"

நியாயம். மரியாதையாகச் சொன்னால் 'மள்ளீ ரண்டி'. அப்படியே மாற்றலாமா என்று நான் வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொன்னதும் பீகார் தம்பி காதைப் பொத்திக்கொண்டான். தெலுங்கில் 'வாங்க' என்கிற அந்த மரியாதை, இந்தியில் இந்தப் பத்திரிகையில் அர்த்தம் எழுத முடியாத வசவு. மரியாதை கொடுக்கப் போய் உதை வாங்கத் தெரிந்தோம்.

பாட்டிதான் தீர்ப்பு சொன்னார், அவருடைய கலப்புத் தமிழில். "அன்னம் திங்க பிள்ளையக் கூப்பிடறப்ப எந்த அம்மா 'ரண்டி' சொல்லுவா? 'ரா நாயனா'ன்னுதான் சொல்லுவா. இது சாம்பாரா, பேங்க்கா?"

அதுதான் விஷயம். இதே பேர் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வைத்தால் மரியாதைக் குறைவு. அடுப்படிச் சாமானுக்கு வைத்தால் அம்மா கூப்பிடுகிற குரல். பேர் நல்லதா கெட்டதா என்பதைப் பாதி, உள்ளே இருக்கிற சரக்குதான் தீர்மானிக்கிறது.

இப்போது டிரேட்மார்க் வெப்சைட்டில் தேடிக்கொண்டிருக்கிறோம். எழுத்துப்படி மட்டும் தேடினால் போதாது. அங்கே சத்தத்தை வைத்துத் தேடும் வசதியும் உண்டு, அதில் பார்க்க வேண்டும். மசாலா 30-ஆம் வகுப்பு. தனி ஆள் ஆன்லைனில் போட்டால் வகுப்புக்கு 4,500 ரூபாய். அடுத்து மாங்காய் ஊறுகாய் போடும் யோசனை நண்பருக்கு இருக்கிறது. ஊறுகாய் 29-ஆம் வகுப்பு, அதற்குத் தனிப் பணம்.

அந்த ஊறுகாய்க்கும் ஒரு பேர் யோசித்து வைத்திருக்கிறாராம். கேட்கவில்லை. முதலில் அவ்வாவிடம் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டேன். வளையல் ரெண்டும் இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் சிலிண்டரில் பன்றி இல்லை.